ஒன்றே முக்கால் மணி நேரம், நான்கு பாயின்ட்

வடபழனியில் ஒரு வீட்டின் மாடியில் இயங்குகிறது அந்தப் பாட்காஸ்ட் ஸ்டூடியோ. பேசுபவர் யார், மைக் என்ன விலை என்பதையெல்லாம் கேட்பதற்குப் பலர் வருவார்களாம். ஷோ நோட்ஸ் எழுதுபவரைப் பார்க்க வேண்டும் என்றதும் எடிட்டர் தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அக்கா, உங்களைத்தான் பார்க்கணுமாம்" என்று உள்ளே குரல் கொடுத்தார்.

அன்று அவர் கையில் இருந்தது 2015 சென்னை வெள்ளம் பற்றிய எபிசோட். ஓய்வுபெற்ற பொதுப்பணித் துறைப் பொறியாளர் ஒருவர் ஒன்றே முக்கால் மணி நேரம் பேசியிருக்கிறார். முதல் தடவை கேட்கும்போது அக்கா ஒரு வரிகூட எழுதவில்லை. நோட்டின் இடது ஓரத்தில் நேரத்தை மட்டும் குறித்தார். சில நேரங்களுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம். எதற்கு நட்சத்திரம் என்று கேட்டேன்.

"தொகுப்பாளர் 'இருங்க சார், மறுபடி சொல்லுங்க'ன்னு கேட்கிற இடம். அவருக்கே புதுசா இருந்தா கேட்கிறவங்களுக்கும் புதுசுதான்."

பேச்சின் நீளத்துக்கும் சரக்குக்கும் சம்பந்தமே இல்லை என்பது அந்த நோட்டைப் பார்த்தாலே தெரிந்தது. பொறியாளர் தன் முதல் போஸ்டிங் பற்றி இருபது நிமிடம் பேசியிருந்தார். சுவையான பேச்சு, ஒரு நட்சத்திரம்கூட இல்லை. அடையாற்றில் வந்த நீர் எங்கிருந்து வந்தது என்று பேசியது சில நிமிடம்தான். அங்கே மூன்று.

இரண்டாம் சுற்றில்தான் எழுத்து. கணினி தானாக எடுத்துக் கொடுத்த எழுத்துப்படியும் திரையில் இருந்தது. ஆனால் நட்சத்திரம் போட்ட இடங்களை அவர் ஆடியோவில்தான் கேட்டார். படியில் 'மதகு' என்பது 'மதிப்பு' ஆகியிருந்ததைக் காட்டிச் சிரித்தார். மதகு போனது பரவாயில்லை, வாசித்தால் பிடிபட்டுவிடும். எண் மாறினால் பிடிபடாது.

எண் விஷயத்தில் அன்று நல்ல உதாரணமே கிடைத்தது. 2015 டிசம்பர் முதல் தேதி செம்பரம்பாக்கத்திலிருந்து திறந்த நீரின் அளவை, இருபத்தேழாவது நிமிடத்தில் பொறியாளர் 'முப்பத்து மூவாயிரம் கன அடி' என்கிறார். ஒரு மணி நேரம் கழித்து வேறு எதையோ பேசிக்கொண்டிருக்கும்போது, "முன்னாடி தப்பா சொல்லிட்டேன், இருபத்தொன்பதாயிரம்" என்று போகிற போக்கில் திருத்துகிறார். முதல் பாதியை மட்டும் வைத்துச் சுருக்கியிருந்தால், அவரே கைவிட்ட எண் அவர் பெயரில் நிலைத்திருக்கும். அக்கா 29,000 என்று எழுதி, பழைய செய்திகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, 'நொடிக்கு' என்பதையும் சேர்த்தார். பேச்சில் எல்லோரும் விட்டுவிடுகிற சொல் அது. அது இல்லாவிட்டால் எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

அவருடைய முதல் வரைவில் ஒரு பாயின்ட் இப்படி இருந்தது: 'செம்பரம்பாக்கம் ஏரியின் பங்கு பற்றிப் பேசுகிறார்'. அடித்துவிட்டார். எதைப் பற்றிப் பேசினார் என்பது தலைப்பிலேயே இருக்கிறது. என்ன சொன்னார் என்பதுதானே வேண்டும்? அடுத்து, 'வெள்ளத்துக்குக் காரணம் செம்பரம்பாக்கம் அல்ல'. இப்போது கருத்து இருக்கிறது, ஆனால் பொறியாளர் அப்படிச் சொல்லவில்லை. மறுபடி அந்த இடத்தைக் கேட்டார். கடைசியில் நின்றது இது: 'அடையாற்று வெள்ளத்துக்குச் செம்பரம்பாக்கம் உபரிநீர் மட்டும் காரணம் அல்ல, ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்த நீரும் அதே ஆற்றில் சேர்ந்தது என்கிறார் விருந்தினர்.' இதன் பாதி முப்பத்தொன்றாவது நிமிடத்தில் இருக்கிறது, மீதி கடைசிக் கால்மணியில். இரண்டையும் ஒட்டினால்தான் ஒரு முழுக் கருத்து. எழுத்துப்படியை மேலிருந்து கீழாகச் சுருக்கிக்கொண்டே போனால் இந்த ஒட்டு விழாது என்பது என் எண்ணம்.

'என்கிறார் விருந்தினர்' என்ற வாலை எடுத்தால் வரி அழகாக இருக்குமே என்றேன்.

"அழகா இருக்கும். ஆனா நாமே சொல்ற மாதிரி ஆயிடும். இதை மறுக்கிறவங்களும் இருக்காங்க இல்லையா?"

பன்னிரண்டு நட்சத்திரங்கள் நான்கு பாயின்ட் ஆயின. ஒழுங்காகப் போகிறது என்று நினைத்த நேரத்தில் எடிட்டர் தம்பி எட்டிப் பார்த்து, பத்தாவது நிமிடத்தில் நாய் குரைத்த பகுதியை வெட்டிவிட்டதாகச் சொன்னார். எழுபது நொடி. அதற்குப் பிறகு குறித்த நேரம் எல்லாமே தவறு. "வெட்டி முடிச்சிட்டுக் கொடுப்பான்னு பார்த்தா..." என்று முனகிக்கொண்டே அக்கா ஒவ்வொன்றிலும் எழுபது நொடியைக் கழித்தார்.

அதோடும் முடியவில்லை. யூடியூபில் யார் பார்த்தாலும் வீடியோவின் நேரம் மாறாது. விவரக் குறிப்பில் `0:00` என்று தொடங்கி, ஒவ்வொன்றும் பத்து நொடிக்குக் குறையாமல் மூன்று நேரமாவது போட்டால் அது அத்தியாயமாகப் பிரித்துக்கொள்ளும். ஆடியோ செயலிகளில் சிக்கல் வேறு. கேட்பவரைப் பொறுத்து நடுவில் விளம்பரம் நுழைகிறது. ஒருவருக்கு முப்பத்தொன்றாவது நிமிடத்தில் வருவது இன்னொருவருக்கு முப்பத்திரண்டில் வரும். அதனால் ஆடியோவுக்கான குறிப்பில் நேரத்தையே எடுத்துவிட்டு, பாயின்ட்களைப் பேச்சு வரிசையில் மட்டும் அடுக்கினார். செயலி முதலில் காட்டுவது ஓரிரு வரிதான். மீதியைத் தட்டித்தான் பார்க்க வேண்டும். ஆகவே 'இந்த வார விருந்தினர்' என்ற வழக்கமான தொடக்கம் கீழே போனது. அடையாற்று வரி மேலே ஏறியது.