‘தெரியவில்லை’ என்பதற்கு இரண்டு பொருள்

சற்றே நீளமான பதிவு. பாம்பைப் பற்றியது போலத் தொடங்கினாலும், மூன்று சொற்களைப் பற்றியது.

நான் ஆய்வு மேற்கொள்ளும் ஹைதராபாத் வளாகம் பாறைகளும் புதர்களும் நிறைந்தது. மழைக்காலம் தொடங்கிவிட்டால் விடுதிக் குளியலறைகளில் பாம்பு தென்படுவது எங்களுக்குப் புதிதன்று. பாம்பு பிடிக்கும் தன்னார்வலர்களோடு மூன்றாண்டுகள் சுற்றியதில் சிலவற்றைக் கற்றுக்கொண்டேன். அதனால் இங்குள்ள தமிழ் மாணவர் வாட்ஸ்அப் குழுவில் பாம்பின் படம் எதுவும் வந்தால் என் பெயரைச் சுட்டிக் கேட்பது வழக்கமாகிவிட்டது.

சென்ற ஆண்டு ஜூலையில் ஓர் இரவு, பதினொரு மணி இருக்கும். முதலாண்டு மாணவர் ஒருவர் படம் அனுப்பினார். குளியலறை மூலையில், வாளிக்குப் பின்னால் சுருண்டிருந்த கரிய உடல். அதன் குறுக்கே மெல்லிய வெண்பட்டைகள். “அக்கா, இது கட்டுவிரியனா?” என்பது கேள்வி. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு இப்படி எழுதினேன்: “கட்டுவிரியனுக்கான அடையாளம் எதுவும் தெரியவில்லை.”

இருபது நிமிடங்கள் கழித்து மற்றொரு படம் வந்தது. அவர் தரை துடைக்கும் வைப்பரால் பாம்பை வாளிக்குள் தள்ளி, மேலே ஒரு பலகையை வைத்து மூடியிருந்தார். “நீங்கள்தான் கட்டுவிரியன் இல்லை என்றீர்களே அக்கா” என்று கீழே ஒரு வரி.

நான் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அவர் படித்ததும் பிழையன்று. தமிழில் ‘தெரிதல்’ கண்ணுக்குப் புலப்படுவதையும் குறிக்கும், அறிவுக்கு எட்டுவதையும் குறிக்கும். “அடையாளம் தெரியவில்லை” என்று நான் எழுதியபோது, அடையாளம் இருக்கவேண்டிய இடமே படத்தில் விழவில்லை என்று எண்ணினேன். அவரோ, தேடிப் பார்த்தும் அடையாளம் அகப்படவில்லை, ஆகவே அது வேறு பாம்பு என்று கொண்டார். மொழியியலில் முதுகலை படித்த ஒருத்தி, தன் தாய்மொழியின் மிகச் சாதாரணமான ஒரு வினைச்சொல்லில் இடறினேன்.

அந்தப் படத்தில் உண்மையில் என்ன இருந்தது என்று பார்ப்போம். நம் வீடுகளுக்குள் வரும் பாம்புகளில் கட்டுவிரியனோடு மிகுதியும் குழப்பிக்கொள்ளப்படுவது வெள்ளிக்கோல் வரையன். நஞ்சற்ற, ஓநாய்ப் பாம்பு எனப்படும் இனம். மேலிருந்து எடுத்த படத்தில் இவற்றைப் பிரித்தறிய மூன்று இடங்களைப் பார்க்கவேண்டும். முதலாவது கழுத்து. வெள்ளிக்கோல் வரையனுக்குப் பட்டைகள் கழுத்தருகிலேயே தொடங்கிவிடும். கட்டுவிரியனுக்கோ உடலின் முன்பகுதி பெரும்பாலும் வெறுமையாக அல்லது புள்ளிகளாக இருந்து, பட்டைகள் பின்னரே தெளிவுபெறும். இரண்டாவது வால். கட்டுவிரியனின் பட்டைகள் வாலை நோக்கிச் செல்லச் செல்லத் தெளிவாகும். மற்றதில் மங்கிக்கொண்டே போகும். மூன்றாவது முதுகின் நடுக்கோடு. கட்டுவிரியனுக்கு அங்கே ஓடும் ஒரு வரிசைச் செதில்கள் மட்டும் அக்கம்பக்கத்துச் செதில்களைவிடப் பெரியனவாய், அறுகோண வடிவில் இருக்கும். வெள்ளிக்கோல் வரையனுக்கு அப்படித் தனித்த வரிசை இல்லை.

அன்றைய படத்தில் தலையும் கழுத்தும் சுருளுக்கு அடியில் இருந்தன. வால் வாளிக்குப் பின்னால் மறைந்திருந்தது. முதுகின் நடுக்கோட்டில் ஃபிளாஷ் வெளிச்சம் பட்டு வெள்ளையாய் எரிந்துபோயிருந்தது. எஞ்சியது, உடலின் நடுப்பகுதியில் ஒரு சாண் நீளமும் அதன்மேல் நான்கைந்து பட்டைகளும். அந்தப் பகுதி மட்டும் இரு பாம்புகளுக்கும் பொருந்தும். நிறத்தையும் நம்ப இயலாது. கைப்பேசி வெளிச்சத்தில் பழுப்பும் கருப்பாகத் தோன்றும். ஆக, அந்தப் படத்துக்கு உரிய நேர்மையான விடை ஒன்றே: சொல்ல இயலாது.

அன்றிரவே தன்னார்வலர் வந்து பாம்பைக் கண்ணாடிக் குடுவைக்கு மாற்றினார். அவர் எடுத்த படத்தில் கழுத்திலேயே அகன்ற முதல் பட்டை. வாலை நோக்கி மங்கும் பட்டைகள். முதுகில் ஒரே அளவான செதில்கள். வெள்ளிக்கோல் வரையன்தான். குழுவில் எல்லோரும் சிரித்தார்கள், சிலர் என்னைப் பாராட்டவும் செய்தார்கள். என்னால் அந்தப் பாராட்டை ஏற்க முடியவில்லை. கழுத்தும் வாலும் மறைந்த நிலையில் அங்கே கட்டுவிரியன் கிடந்திருந்தாலும் அதே படம்தான் வந்திருக்கும். நானும் அதே வரியைத்தான் எழுதியிருப்பேன். விடை சரியாக அமைந்தது பாம்பின் தயவால், என் கருத்தின் வலிமையால் அன்று.

அதன்பின் நான் மூன்றே சொற்களுக்குள் நிற்பதென்று முடிவுசெய்தேன். அவற்றின் பொருளையும் வரையறுத்துக்கொண்டேன்.

‘வாய்ப்பு மிகுதி’ என்றால், மேற்சொன்ன மூன்று இடங்களில் இரண்டேனும் படத்தில் தெளிவாக விழுந்து, இரண்டும் கட்டுவிரியன் பக்கமே சாய்ந்து, எதிராக எதுவும் இல்லை என்று பொருள். ‘வாய்ப்பு குறைவு’ என்றால், அந்த இடங்கள் தெளிவாக விழுந்து, அங்கே கட்டுவிரியனுக்கு முரணான ஒன்றைக் கண்டேன் என்று பொருள். கண்டேன் என்பதே இங்கு உயிர்ச்சொல். கழுத்து முழுவதும் தெரிந்து அங்கே பட்டை இருந்தால் அது சான்று. கழுத்தே தெரியாதபோது அங்கே இருப்பதும் இல்லாததும் சான்றாகா. ‘சொல்ல இயலாது’ என்பது இந்த மூன்றாம் நிலை. முதலிரண்டும் பாம்பைப் பற்றிய கூற்றுகள். மூன்றாவது படத்தைப் பற்றிய கூற்று. ஆகவே அது இரண்டுக்கும் நடுவில் நிற்கும் பாதிக்குப் பாதி அன்று. அதைச் சொல்பவர், எந்தப் பகுதி படத்தில் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் அது வெறும் நழுவல்.

‘உறுதி’ என்ற சொல்லை ஏன் விட்டேன் என்று ஒரு நண்பர் கேட்டார். கட்டுவிரியனின் வாலடிச் செதில்கள் ஒற்றை வரிசையாக இருக்கும். வெள்ளிக்கோல் வரையனுக்கு இரட்டை. பாம்பைக் கையில் எடுக்கும் பயிற்சி பெற்றவர் ஐயம் வந்தால் அங்கே பார்க்கிறார். மேலிருந்து எடுத்த படத்தில் வாலடி விழுவதே இல்லை. பட்டைகளே அற்ற கட்டுவிரியன்களும் உண்டு. படத்தால் எட்ட முடியாத உயரத்துக்கு ஒரு சொல்லை ஏற்றிவைப்பது முறையன்று.

விழுக்காடு சொல்லலாமே என்றார் இன்னொருவர். ஷெர்மன் கென்ட் என்ற அமெரிக்க உளவுப் பகுப்பாய்வாளரின் அனுபவம் இங்கே நினைவுக்கு வருகிறது. 1951இல் யூகோஸ்லாவியா மீது படையெடுப்பு நிகழக்கூடுமா என்பது பற்றிய ஓர் அறிக்கையில், அதைப் புறந்தள்ள முடியாத சாத்தியம் என்னும் பொருள்படக் குறிப்பிட்டிருந்தார்கள். அந்தத் தொடரால் ஒவ்வொருவரும் என்ன எண்ணினீர்கள் என்று அதை உருவாக்கிய தம் சகாக்களிடமே கென்ட் பின்னர் கேட்டபோது, விடைகள் நூற்றுக்கு 20இலிருந்து 80 வரை சிதறிக் கிடந்தன. அவர் கண்ட தீர்வு, ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் எண் எல்லையைப் பொருத்துவது. அவருடைய நோயறிதல் எனக்கு முழு உடன்பாடு. மருந்தை மட்டும் மாற்றிக்கொண்டேன். கைப்பேசிப் படத்தைப் பார்த்து ‘எழுபது விழுக்காடு’ என்று சொல்ல என்னிடம் எண்ணிக் கணக்கிட்ட அடிப்படை எதுவுமில்லை. நான் என்ன கண்டேன் என்பதோ என் கையில் இருக்கிறது. ஆகவே சொற்களை எண்ணோடு அல்லாமல் கண்ட அடையாளத்தோடு கட்டினேன். அதைப் படிப்பவர் தாமே படத்தில் சரிபார்த்துக்கொள்ளவும் முடியும்.

இனி, தமிழுக்கே உரிய ஒரு சிக்கல். நம் வாக்கியத்தில் வினை இறுதியில் வருவதால், சொல்பவரின் உறுதியும் இறுதியில்தான் வருகிறது. “இது கட்டுவிரியனாக இருக்க வாய்ப்பு குறைவு” என்று எழுதினால், கைப்பேசியின் அறிவிப்புத் துண்டில் “இது கட்டுவிரியனாக இருக்க…” என்பதோடு நின்றுவிடலாம். தறுவாயில் வரும் ஒரு சொல் முழுப் பொருளையும் திருப்பிப்போடும் மொழியில், அந்தச் சொல் முதலில் வருவது நல்லது. ‘இருக்கலாம்’ என்பதையும் தவிர்க்கிறேன். ஒருவர் அதை ‘அநேகமாக’ என்று படிப்பார், மற்றொருவர் ‘ஒருவேளை’ என்று படிப்பார்.

இன்று அதே படம் வந்தால் நான் இப்படி எழுதுவேன்: “சொல்ல இயலாது. கேள்வி: கட்டுவிரியனா? படத்தில் கழுத்தும் வாலும் மறைந்துள்ளன. முதுகுச் செதில்கள் வெளிச்சத்தில் அழிந்துள்ளன. இன்னொரு படத்துக்காக அருகில் போகவேண்டாம். கதவைச் சாத்தி, கீழ் இடுக்கில் துணியை அடைத்து, தன்னார்வலரை அழையுங்கள்.”

செய்யவேண்டியதைத் தனி வாக்கியமாக வைப்பதற்கும் காரணம் உண்டு. ‘வாய்ப்பு மிகுதி’, ‘சொல்ல இயலாது’ இரண்டுக்கும் செய்யவேண்டியது ஒன்றே. ‘வாய்ப்பு குறைவு’ என்பது மட்டுமே ஒருவரை அசட்டையாக்கக்கூடிய சொல்; அதனால் அதற்குத்தான் கூடுதல் சான்று கேட்கவேண்டும். நஞ்சற்றதைக் கட்டுவிரியன் என்றால் ஓர் இரவுத் தூக்கம் போகும். மாற்றிச் சொன்னால் ஓர் உயிர் போகலாம். இரு பிழைகளின் விலையும் ஒன்றல்ல.

கடி நேர்ந்துவிட்டாலோ, மூன்று சொற்களில் எதற்கும் இடமில்லை. கட்டுவிரியன் கடி பல நேரம் வலிப்பதில்லை, தடமும் தெரியாமல் போகலாம். இமை சரிவதும் மூச்சு தடைப்படுவதும் சில மணிநேரம் கழித்தே தொடங்கலாம். நம் நாட்டில் தரப்படும் நச்சுமுறி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்கும் பொதுவானது. மருத்துவர் நோயாளியின் அறிகுறிகளைப் பார்த்தே அதைத் தருகிறார். ஆகவே படத்துக்கு வரும் விடைக்காகக் காத்திராமல் மருத்துவமனைக்குப் புறப்படவேண்டும்.

அந்த மாணவர் இப்போது இரண்டாம் ஆண்டில் இருக்கிறார். சென்ற வாரம் குழுவில் வந்த ஒரு படத்துக்கு எனக்கு முன்பே அவர் எழுதியிருந்தார்: “சொல்ல இயலாது. கழுத்து படத்தில் இல்லை.” அதற்குமேல் சேர்க்க என்னிடம் ஒன்றுமில்லை, கதவைச் சாத்தச் சொல்லி ஒரு வரி மட்டும் எழுதினேன்.