சிவப்பு மையும் வாழைப்பழக் கணக்கும்

காலாண்டுப் பரீட்சை முடிந்ததும் பெரியம்மா வீட்டுத் திண்ணையில் விடைத்தாள் கட்டு பிரியும். ஏழாம் வகுப்புக் கணக்கு. பக்கத்தில் உட்கார்ந்து வரிவரியாக வாசித்துச் சொல்வது என் வேலை.

ஒரு கணக்கு இன்னும் மனப்பாடமாக இருக்கிறது. வியாபாரி டஜன் 6 ரூபாய் வீதம் 15 டஜன் வாழைப்பழம் வாங்குகிறார். வண்டிக் கூலி 6 ரூபாய். 20 பழம் அழுகிப்போக, மீதியை ஒன்று 70 காசுக்கு விற்கிறார். இலாப சதவீதம் என்ன? அடக்கம் 96 ரூபாய், விற்றது 160 பழம், வரவு 112, இலாபம் 16. விடை 16 2/3 சதவீதம்.

ஒரு பையன் 9 3/8 என்று முடித்திருந்தான். "விடை வேற, சுழிச்சிடலாமா பெரியம்மா?" என்றேன்.

"கடைசி வரியைப் பார்க்காதே. மேலேருந்து வாசி."

அடக்கம் 96 சரியாக இருந்தது. அடுத்த வரி, 15 × 12 = 170. பெரியம்மா அங்கே பேனாவை நிறுத்தினார். பதினைந்தின் இலக்கங்களைக் கூட்டினால் 6, பன்னிரண்டுக்கு 3. பெருக்கினால் 18, அதையும் கூட்டினால் 9. நூற்றெழுபதில் வருவதோ 8. ஆக, பெருக்கலில்தான் பிசகு. எப்படி வந்தது என்பதையும் ஓரத்தில் போட்டுக் காட்டினார். ஐயிரண்டு பத்து, மீதி 1. அந்த ஒன்றைக் கூட்ட மறந்ததால் 30 வரவேண்டிய இடத்தில் 20 வந்து, அதோடு 150 சேர்ந்து 170 ஆகிவிட்டது.

அதற்கப்புறம் செய்ததுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். பையனின் 170-ஐயே வைத்துக்கொண்டு மீதி வரிகளைச் சரிபார்த்தார். 20 போக 150 பழம், வரவு 105 ரூபாய், இலாபம் 9. ஒன்பதை 96-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 9 3/8. ஒரு வரியிலும் குறையில்லை. 170-ஐ மட்டும் வட்டமிட்டு, 5 மதிப்பெண்ணில் ஒன்றை மட்டும் குறைத்தார். அதுதான் நியாயம் என்று இன்றும் நினைக்கிறேன்.

இலக்கக் கூட்டல் எல்லாவற்றையும் பிடித்துவிடாது. அதே 170 வந்திருந்த இன்னொரு தாளில் அந்த 105 இடம் மாறி 150 ரூபாய் ஆகியிருந்தது. இரண்டுக்கும் கூட்டுத்தொகை 6தான். "ஒரு ரூபாய்க்கும் குறைச்சலா வித்த 150 பழத்துக்கு 150 ரூபாய் எப்படிடி வரும்?" என்று பெரியம்மா வரவை வைத்தே பிடித்துவிட்டார்.

அவரை நெடுநேரம் யோசிக்க வைத்தது வேறொரு தாள். எல்லாப் பெருக்கலும் வகுத்தலும் சுத்தம். விடை மட்டும் 14 2/7. இலாபம் 16-ஐ அடக்க விலை 96-ஆல் வகுக்காமல், விற்ற தொகை 112-ஆல் வகுத்திருந்தாள் அந்தப் பெண். முதல் பையனுக்கு ஒரு மீதி மறந்துபோயிற்று. இவளுக்கோ இலாபம் எதன்மேல் என்பதே பிடிபடவில்லை. பெரியம்மா 112-க்கு அடியில் கோடிட்டு, "வியாபாரி கையிலிருந்து போட்ட பணம் எவ்வளவு?" என்று எழுதிவிட்டு அடுத்த தாளை எடுத்தார்.