அவருக்கா, அவரையா: ஸ்பானியக் கடிதத்தில் ஒரு திருத்தம்

ஸ்பானிய மொழியை உயர்நிலையில் கற்பவர்களின் அலுவல் கடிதங்களைத் திருத்துவது என் வேலை. அந்த நிலையில் வினைத்திரிபில் அதிகம் பிழை வராது. தடுக்குவது லோ, லா, லே என்ற குட்டிச் சொற்களில்தான். லோ, லா இரண்டும் நம் ‘ஐ’ உருபின் வேலையைச் செய்பவை; லே, ‘கு’ உருபினுடையது.

மாட்ரிட்டில் இருக்கும் ஒரு பெண் அதிகாரிக்கு மாணவி எழுதிய கடிதம் ‘லா எஸ்க்ரிபோ’ என்று தொடங்கியது. பெறுபவர் பெண், ஆகவே லா என்று நினைத்திருக்கிறார். மாட்ரிட், வயாதோலித் பக்கத்துப் பேச்சில் இது காதில் விழக்கூடியதே. லாயீஸ்மோ என்று பெயர். அரச ஸ்பானிய மொழிக் கழகம் இதை ஏற்பதில்லை. எழுதப்படுவது கடிதம், அது அவருக்குப் போகிறது. பெறுபவர் யாரானாலும் ‘லே எஸ்க்ரிபோ’தான்.

தகவல் தெரிவிக்க என்னும் பொருளில் அடுத்து ‘இன்ஃபோர்மார்லா தே’ வந்தது. ஒரு லாவைத் திருத்திய கை இதையும் திருத்தத் துடிக்கும். கூடாது. ஸ்பெயினில் இந்த வினைக்கு ஆளே செயப்படுபொருள். லத்தீன் அமெரிக்காவில்தான் லே வரும். சந்தேகம் வந்தால் வாக்கியத்தைச் செயப்பாட்டு வினையாக மாற்றிப் பார்ப்பேன். ‘ஃபுஏ இன்ஃபோர்மாதா’ என்று அந்தப் பெண்ணைச் சொல்லலாம். ‘ஃபுஏ எஸ்க்ரிதா’ என்றால் அவரையே யாரோ எழுதியதாகிவிடும். ‘ப்ரெகுந்தார்’ வினையில் மட்டும் இந்தச் சோதனை ஏமாற்றும்: செயப்பாட்டு வடிவம் வழக்கில் உண்டு, ஆனாலும் லேதான் சரி. ‘அவரைக் கேட்டேன்’ என்று சொல்லிப் பழகிய நம்மவர்கள் அங்கே கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

அடுத்தது ஒப்பந்தம். கையெழுத்திடுங்கள் என்பதற்கு ‘ஃபீர்மெலே’ என்று எழுதியிருந்தார். லேயீஸ்மோவுக்குக் கழகம் தரும் சலுகை ஓர் ஆணைக் குறிக்கும்போதுதான்; பொருளுக்குக் கிடையாது. இந்த வடிவத்தைப் படிப்பவர், வேறு யாருக்கோ கையெழுத்துப் போடச் சொல்வதாக எடுத்துக்கொள்ளக்கூடும். ‘ஃபீர்மெலோ’ என்று மாற்றினேன். ஏவலோடு சொல் ஒட்டி நீள்வதால், தனியாக எழுதும்போது குறி இல்லாத ‘ஃபிர்மெ’யின் முதல் அசைமேல் இங்கே அழுத்தக்குறி கட்டாயம்.

முத்திரை இல்லாமல் அதைத் திருப்பி அனுப்ப வேண்டாம் என்ற வரியில் ‘நோ தெவுவெல்வாமெலோ’ என்றிருந்தது. ஏவலைப் பொறுத்தவரை, சொற்கள் வினையின் வாலில் ஒட்டுவது உடன்பாட்டில் மட்டுமே. எதிர்மறை வந்தால் அவை முன்னால் தாவி, தனித்தனியாக நிற்கும்: ‘நோ மெ லோ தெவுவெல்வா’. வினையும் இப்போது தனிச்சொல், அழுத்தக்குறி விழுந்துவிடுகிறது. இடத்தை மாற்றிவிட்டுக் குறியை அழிக்க மறப்பவர்கள் நிறையப் பேர்.

கடைசி வரியில் அந்த அம்மையாருக்கு வணக்கம் சொல்ல ‘சலுதார்லே’. இலக்கணப்படி லா வர வேண்டிய இடம். ஆனால் ‘உஸ்தெத்’ என்று மரியாதையாக அழைக்கும்போது பெண்ணுக்கும் லே சொல்வது பரவலான வழக்கு. கழகமும் குறை சொல்வதில்லை. அதை அப்படியே விட்டேன்.