முள் நீங்கிய மடல்

நுழையும்முன்

கருத்தைச் சுமப்பவை பெயர்ச்சொற்களும் வினைச்சொற்களும். குத்தலைச் சுமப்பவை பெரும்பாலும் இடைச்சொற்கள். ஒரு மின்னஞ்சலைத் திருத்தி எழுதும்போது இவ்வேறுபாடு எவ்வாறு புலப்படுகிறது என்பதை இப்பாடம் காட்டுகிறது.

திருப்பூரில் உள்ள ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் இளம்பெண் ஒருவர் பணியாற்றுகிறார். சாயப்பட்டறையிலிருந்து நிற மாதிரியைப் பெற்று, வெளிநாட்டு வாங்குநருக்கு அனுப்பி, ஒப்புதல் பெறுவது அவர் பொறுப்பு. சிறு துணித்துண்டில் சாயமேற்றிக் காட்டும் அம்மாதிரியைத் தொழிலில் ‘லேப் டிப்’ என்பர். அதற்கு ஒப்புதல் கிடைத்த பிறகே முழுத் துணிக்கும் சாயமேற்றுவர். ஜூன் 10 அன்று வரவேண்டிய மாதிரி 14 ஆகியும் வரவில்லை. அவர் பட்டறை மேற்பார்வையாளருக்கு இவ்வாறு எழுதினார்:

“பெருமதிப்பிற்குரிய ஐயா, தங்களின் ஓய்வில்லாப் பணிகளுக்கிடையே தொந்தரவு செய்வதற்கு மன்னிக்கவும். ஏற்கெனவே இருமுறை எழுதியது தங்கள் பார்வையில் படவில்லை போலும். வழக்கம்போல் இம்முறையும் மாதிரி வரவில்லை. இன்றாவது அனுப்பிவைத்தால் நலம்.”

மடலின் படி ஒன்றைப் பட்டறை மேலாளருக்கும் அனுப்ப எண்ணினார். அதற்குமுன் அருகிலிருந்த மூத்த அலுவலரிடம் காட்டினார். அவர் படித்துவிட்டு, “கண்ணு, இதைப் படிக்கிறவர் மாதிரியை அனுப்பப் பார்ப்பாரா, தம்மைக் காத்துக்கொள்ளப் பதில் எழுதப் பார்ப்பாரா?” என்று கேட்டார்.

மடலில் வசைச்சொல் ஒன்றுகூட இல்லை. ஆயினும் அது குத்துகிறது. ‘இம்முறையும்’ என்பதிலுள்ள உம்மை, இறந்தது தழுவிய எச்சவும்மை. முன்பும் வரவில்லை என்ற பழியை அது சொல்லாமல் சொல்கிறது. ‘இன்றாவது’ என்பதிலுள்ள ‘ஆவது’, இதுவரை கடமையைச் செய்யாதவர் என்று சுட்டுகிறது. ‘போலும்’ ஐயப்படுவது போல் நடித்து, வேண்டுமென்றே பாராமுகமாய் இருந்தீர் என்கிறது. ‘ஓய்வில்லாப் பணிகள்’ என்பதோ வஞ்சப்புகழ்ச்சி. தொண்டைமானின் படைக்கலங்களைப் புகழ்வது போல் பழித்த ஔவையாரின் புறநானூற்றுப் பாடலில் அவ்வணி சுவை தருகிறது. மறுநாளும் சேர்ந்து பணியாற்ற வேண்டியவருக்கு எழுதும் மடலில் அது கசப்பையே தரும்.

மூத்த அலுவலர் இச்சொற்களை ஒவ்வொன்றாக அடித்தார். எஞ்சியது ‘மாதிரி வரவில்லை’ என்பது மட்டுமே. எந்த நிறம், எந்த நாளுக்குள் தேவை, தாமதித்தால் என்ன ஆகும் என்பவற்றில் ஒன்றும் மடலில் இல்லை. செய்தி இருக்கவேண்டிய இடத்தில் சினம் அமர்ந்திருந்தது.

இளம்பெண் மீண்டும் எழுதினார்: “ஐயா, நேரம் கிடைக்கும்போது மாதிரியை அனுப்பினால் மகிழ்ச்சி. அவசரம் ஒன்றுமில்லை.” இப்போது முள் போயிற்று, அதனோடு கவலையும் போயிற்று. அவசரம் உண்டு என்பதே உண்மை. இம்மடலை நம்பி அவர் ஒரு வாரம் காத்திருந்தால் பிழை எழுதியவருடையதே ஆகும்.

மூன்றாம் முறை எழுதியது இது:

“வணக்கம் ஐயா. ஜூன் 3 அன்று கேட்ட அடர்நீல மாதிரி 10 அன்று வரும் என்று சொல்லியிருந்தீர்கள். இன்று, 14 வரை வந்து சேரவில்லை. வாங்குநர் ஒப்புதல் தர ஒரு வாரம் ஆகும். 24 அன்று சாயமேற்றத் தொடங்காவிட்டால் சரக்கு கப்பலைத் தவறவிடும். எனவே 17 மாலைக்குள் மாதிரி தேவை. நிறம் அமைவதில் இடர் இருந்தால் இன்றே தெரிவியுங்கள். வாங்குநரிடம் முன்கூட்டியே பேசிவிடுகிறேன்.”

இதில் தாமதம் மறைக்கப்படவில்லை. ‘சொல்லியிருந்தீர்கள்’ என்பது நடந்ததை உரைக்கிறது. அதுவே ‘நீங்களே சொல்லியிருந்தீர்கள்’ என்றிருந்தால், அந்த ஓர் ஏகாரம் செய்தியைக் குற்றச்சாட்டாக்கியிருக்கும். தாமதத்தின் காரணத்தை ஊகிக்காமல், அதைச் சொல்வதற்கு இறுதி வரி வழி திறந்துவைக்கிறது.

மேலாளருக்குப் படி அனுப்பும் எண்ணமும் கைவிடப்பட்டது. அறிவிப்பின்றி அனுப்பும் படி, மறைமுகமான மிரட்டலாகவே படும். 17 கடந்தும் மாதிரி வராவிட்டால், “மேலாளரிடமும் தெரிவிக்கிறேன்” என்று வெளிப்படையாக எழுதிவிட்டுத் தெரிவிப்பதே முறை.

அன்று மாலை பதில் வந்தது. பகலொளியில் சரியாகப் பொருந்திய நீலம், வாங்குநர் குறித்திருந்த கடைவிளக்கின் ஒளியில் வேறாகத் தெரிந்ததாம். இருமுறை சாயக்கலவையை மாற்றியும் ஒத்துவரவில்லையாம். மூன்றாம் மாதிரியை 16 அன்று அனுப்புவதாக மேற்பார்வையாளர் எழுதியிருந்தார். இளம்பெண் அன்றே வாங்குநருக்கு நிலைமையைத் தெரிவித்தார். முதல் மடலை அவர் அழிக்கவில்லை. வரைவுப் பெட்டியிலேயே வைத்திருந்தார். அதிலிருந்த ‘வழக்கம்போல்’ என்னும் சொல் இப்போது அவருக்கே உறுத்தியது.