முப்பது நாள் அட்டவணை

என் மருமகள் வேப்பம்பூ வடகம் விற்பதற்கென முகநூலில் ஒரு பக்கம் திறந்தாள். பாட அட்டவணை வகுத்துப் பழகிய துணிவில், முப்பது பதிவுகளுக்கும் நானே நாளும் நேரமும் முன்கூட்டிக் குறித்துக் கொடுத்தேன். ஒன்பதாம் நாள் மழை பிடித்துக்கொண்டது, வடகம் காயவில்லை. ஆயினும் “இன்று புது வடகம் உண்டு” என்ற பதிவு குறித்த வேளையில் தானே வெளிவந்துவிட்டது. கேட்டெழுதிய இருவருக்கும் இல்லையென்று எழுதுகையில் அவள் முகம் வாடிற்று.

“மாமா, கிழமைக்கு மூன்று போதும். அடுத்த கிழமைக்குரியதை இப்போது குறிக்க வேண்டாம்,” என்றாள்.

மறுபடி தொடங்கினோம். விலையும் தொலைபேசி எண்ணும் அடங்கிய ஆறு பதிவுகளை இட்ட பின்னரே உறவினரை அழைத்தோம். வெறும் பக்கத்தில் எவர்தாம் தங்குவர்? எந்நேரம் பதிவிடுவதென்பதற்கோ வழிகாட்டும் கணக்கு ஏதுமில்லை. பின்தொடர்வோர் சேர்ந்த பின்னரே அது கிட்டும். ஆகவே காலை ஏழு, இரவு எட்டு என மாறிமாறி இட்டோம். விருப்பக்குறிகள் பெரும்பாலும் உறவினருடையவை. அவற்றை விடுத்து, விலை கேட்ட அந்நியரை மட்டும் கொப்பியில் எழுதினேன்.

முப்பதாம் நாள் பதினொருவர் தேறினர். எண்மர் இரவுப் பதிவுகளின் கீழ்க் கேட்டவர்கள். எண்ணிக்கை சிறிதுதான், ஆயினும் அடுத்த மாதம் இரவுப் பதிவுகளைக் கூட்டுவதென்று தீர்மானித்தாள். அட்டவணையை இம்முறை அவளே எழுதினாள்.