பின்தங்கிய பத்துப் பேர்

சென்ற ஆண்டு முதலாந் தவணைக் கணிதப் பரீட்சையில் நம் வகுப்பு மாணவர் நாற்பதின்மரின் சராசரி 50 புள்ளி. கடைசிப் பத்துப் பேரின் சராசரி 28. அப்பத்துப் பேருக்கு மாலை வகுப்பு நடத்தினோம். அடுத்த தவணையில் அவர்கள் சராசரி 37 ஆயிற்று. நம் உழைப்பின் பயனென்று பூரித்தோம்.

பின்னரே முன்னணிப் பத்துப் பேரின் புள்ளிகளைப் பார்த்தோம். 72 இலிருந்து 63 ஆக இறங்கியிருந்தனர். வகுப்பின் சராசரியோ மீண்டும் 50. ஏறியதும் ஒன்பது, இறங்கியதும் ஒன்பது! முன்னணியினரை நாம் கெடுத்தோமா? அவர்கள்மீது கை வைக்கவேயில்லையே.

ஒருவன் பெறும் புள்ளியில் அறிவோடு அன்றைய தற்செயலும் கலந்திருக்கிறது. படித்த வினா வந்திருக்கும். முதல்நாள் காய்ச்சல் கண்டிருக்கும். கடைசிப் பத்துப் பேரைப் பொறுக்கும்போது, அறிவு குறைந்தோருடன் அன்று வாய்ப்புக் கெட்டோரையும் சேர்த்தே பொறுக்குகிறோம். அக்கெடுவாய்ப்பு மறுமுறையும் அதே பேரைத் தேடி வருவதில்லை. ஆதலால் போதனை இன்றியே அவர்கள் சராசரியை நோக்கி நகர்வர். பெற்றோர், பிள்ளைகளின் உயரங்களை ஒப்பிட்டு 1886இல் கோல்ற்றன் எழுதியதும் இப்பின்னடைவையே.

வகுப்பு வீணென்பதும் இதனால் நிறுவப்படவில்லை. இவ்வாண்டு, பத்துப் பேர் போதாதென்று, மூன்று வகுப்புகளிலும் பின்தங்கிய முப்பது பேரைச் சீட்டுக் குலுக்கி இரு பாதியாக்கினோம். ஒரு பாதி இப்போது மாலையில் கற்கிறது. மறுபாதியின் முறை அடுத்த தவணையில். இரு பாதிக்கும் ஒரே பரீட்சை மார்கழியில்.