பச்சைக் கோடும் ஒரு பச்சைப் பொய்யும்

சி.ஆர்.ஓ. திரையில் ஓடுகிற கோடு பச்சை நிறம் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பச்சைக் கோட்டைப் பார்த்துவிட்டு ரெக்கார்டு நோட்டில் நான் ஒரு பச்சைப் பொய் எழுதிய கதை இது. நாலே நாளில் பிராக்டிக்கல் தேர்வு இருந்தபோது அது பிடிபட்டது.

சோதனை நாம் எல்லோரும் செய்வதுதான். 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று, 0.1 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் ஒன்று. இரண்டையும் சீரியஸில் மாட்டி, ஃபங்ஷன் ஜெனரேட்டரிலிருந்து ஸ்கொயர் வேவ் கொடுத்து, கெபாசிட்டரின் குறுக்கே சார்ஜிங் வளைவைப் பார்க்க வேண்டும். வளைவு 63 சதவீதம் ஏறுவதற்கு ஆகிற நேரம்தான் டைம் கான்ஸ்டன்ட். R-ஐயும் C-ஐயும் பெருக்கினால் 1 மில்லி செகண்ட் வரும். புத்தகம் அதோடு முடிந்துவிடும். பெஞ்சில் முடியவில்லை.

அன்று எங்கள் ஜெனரேட்டர் 500 ஹெர்ட்ஸில் இருந்தது. முந்தின பேட்ச் விட்டுப் போனது, நாங்கள் தொடவில்லை. கெபாசிட்டரில் ஒரே ஒரு சானலை மாட்டினோம். வளைவு சின்னதாகத் தெரிந்ததால் என் பார்ட்னர், "டேய் மாப்ளே, வோல்ட் நாபைத் திருப்புடா, பெரிசாக்கு" என்றான். ஒரு டிவிஷனுக்கு 0.5 வோல்ட் என்று வைத்ததும் திரை நிறைய அழகான வளைவு வந்தது. கீழிருந்து மேல் வரை 4.4 டிவிஷன். அதில் 63 சதவீதம் சுமார் 2.8 டிவிஷன். அந்த உயரத்தை வளைவு எங்கே தொடுகிறது என்று கட்டம் எண்ணினோம். ஒரு டிவிஷனுக்கு 0.2 மில்லி செகண்ட் வீதம் இரண்டரை டிவிஷன். அதாவது 0.5 மில்லி செகண்ட்.

வர வேண்டியது 1, வந்ததோ அதில் பாதி. மறுபடி எண்ணினோம், அதேதான். ரெசிஸ்டரின் கலர் கோடுகளைப் பார்த்தோம்: பிரவுன், பிளாக், ஆரஞ்சு. சரியாகத்தான் இருந்தது. மணியும் அடித்துவிட்டது. பக்கத்து பெஞ்சைப் பார்த்தேன், அங்கேயும் அதே முழி. என்ன செய்தோம் என்று சொல்ல வேண்டுமா? ரெக்கார்டில் எல்லோரும் அழகாக எழுதினோம்: 1.00 மில்லி செகண்ட்.

கையெழுத்துக்குப் போனேன். சார் பக்கத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்னப்பா, உங்க பேட்ச்ல எல்லாருக்கும் கரெக்டா ஒண்ணேதான் வந்துதா?"

"ஆமா சார்."

"அப்ப இது நீ திரையில பார்த்தது இல்ல. நம்ம லேப்ல இது ஒண்ணா வராது. வா, காட்டு."

கையெழுத்து இல்லாத ரெக்கார்டோடு பிராக்டிக்கல் தேர்வுக்கு உள்ளே விடமாட்டார்கள். கால் நடுங்கத்தான் லேபுக்குப் போனேன்.

அதே இணைப்பு, அதே 500 ஹெர்ட்ஸ், அதே 0.5 மில்லி செகண்ட். சார் திட்டவில்லை. முதலில் டைம் நாபின் நடுவில் இருக்கும் சின்னக் குமிழ் கேலிபரேட் நிலையில் பூட்டியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். அது நழுவியிருந்தால் கட்டம் எண்ணுவதே வீண். அது சரியாகவே இருந்தது. பிறகு, "இன்னொரு சானலை ஜெனரேட்டர்ல மாட்டு. ரெண்டையும் ஒரே வோல்ட்ல, டி.சி. நிலையில வை" என்றார்.

ஒரு டிவிஷனுக்கு 1 வோல்ட் வைத்து, இரண்டுக்கும் கிரவுண்ட் கோட்டை ஒரே இடத்தில் கொண்டுவந்தேன். அப்போதுதான் விஷயம் தெரிந்தது. ஸ்கொயர் வேவ் கீழிருந்து மேலாக 5 டிவிஷன் உயரம் நின்றது. நம் வளைவோ நடுவில் மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அடிக்கோட்டிலிருந்து 1.4 டிவிஷனில் ஆரம்பித்து 3.6-லேயே திரும்பிவிடுகிறது. நாங்கள் "முழு வளைவு" என்று எண்ணியது அதன் நடுத்துண்டு. வோல்ட் நாபைத் திருப்பி அதைப் பெரிதாக்கி நாங்களே ஏமாந்திருக்கிறோம்.

"500 ஹெர்ட்ஸ்னா ஒரு அரைச் சுற்று எவ்வளவு நேரம்?" என்றார்.

"1 மில்லி செகண்ட் சார்."

"டைம் கான்ஸ்டன்ட்டும் அதே அளவுதானே? கெபாசிட்டர் 63 சதவீத தூரம்கூட ஏறி முடிக்கல, அதுக்குள்ள நீ இன்புட்டைத் திருப்பிட்ட. இறங்கும்போதும் அப்படித்தான், முழுசா இறங்கறதுக்கு முன்னாடி மேல தூக்கிட்ட. பின்ன அது எங்க பூஜ்யத்துலேர்ந்து ஆரம்பிக்கும்?"

அடியில் மெல்லிய குழாயால் இணைத்த இரண்டு தண்ணீர்த் தொட்டிகளை நினைத்துக்கொள்ளுங்கள். மட்டத்தில் வித்தியாசம் அதிகமாக இருக்கும்போது தண்ணீர் வேகமாகப் பாயும். வித்தியாசம் குறையக் குறைய வேகமும் குறையும். கெபாசிட்டரும் அப்படித்தான். எவ்வளவு ஏறிவிட்டது என்பது அதற்குக் கணக்கில்லை, இன்னும் எவ்வளவு பாக்கி என்பதுதான் கணக்கு. ஒவ்வொரு டைம் கான்ஸ்டன்ட்டிலும் பாக்கி தூரம் முன்பிருந்ததில் 37 சதவீதமாகக் குறையும். 63 என்பது 100-லிருந்து அந்த 37 போக வருவது. ஆகவே 63 சதவீதம் எடுக்கும்போது, கெபாசிட்டர் போய்ச் சேர வேண்டிய மட்டம் எது என்று தெரிந்திருக்க வேண்டும். திரையில் வளைவு எங்கே திரும்புகிறதோ அது அந்த மட்டம் ஆகிவிடாது.

சார் ஜெனரேட்டரை 100 ஹெர்ட்ஸுக்குக் குறைக்கச் சொன்னார். இப்போது அரைச் சுற்று 5 மில்லி செகண்ட். வளைவு ஏறி, மேலே ஸ்கொயர் வேவின் கோட்டோடு ஒட்டிப் படுத்துவிட்டது. அதுதான் அடையாளம். உச்சியில் வளைவு படுக்கையாகி இன்புட் கோட்டைத் தொட வேண்டும். கூர்மையாக முனை மடங்கித் திரும்பினால் அது அரைகுறை வளைவு. ஐந்து டைம் கான்ஸ்டன்ட் போனால் பாக்கி ஒரு சதவீதத்துக்கும் கீழே. திரையில் அது கோட்டின் தடிமனுக்குள் மறைந்துவிடும்.

வளைவு படுத்துவிட்டது என்று உறுதியான பிறகு, ஏறுகிற பகுதியை மட்டும் பெரிதாக்க டைமை 0.2 மில்லி செகண்டுக்கு மாற்றினேன். 5 டிவிஷனில் 63 சதவீதம் 3.16 டிவிஷன். சின்னக் கோடு ஒன்றுக்கு 0.2 என்பதால், மூன்று டிவிஷனுக்கு மேல் ஒரு சின்னக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே. ஏற ஆரம்பித்த இடத்தை ஒரு செங்குத்துக் கோட்டின் மேல் நகர்த்தி வைத்து எண்ணினேன். 5.3 டிவிஷன். அதை 0.2-ஆல் பெருக்கினால் 1.06 மில்லி செகண்ட்.

"இப்ப சரியா சார்?" என்றேன். அந்த 6 சதவீதத்தைக் கெபாசிட்டரின் டாலரன்ஸ் என்று தள்ளிவிடலாம் என்பது என் எண்ணம். 10 சதவீதம் கூடக்குறைய இருக்கலாம் என்று நாம் படித்ததுதானே.

"டாலரன்ஸா இருக்கலாம். ஆனா எப்படித் தெரிஞ்சுக்குவ? 10 கிலோவை எடுத்துட்டு 1 கிலோ போடு."

போட்டேன். பழையபடி 500 ஹெர்ட்ஸ். எதிர்பார்த்தது 0.1 மில்லி செகண்ட், ஆகவே அரைச் சுற்றில் வளைவு தாராளமாகப் படுக்கும். கெபாசிட்டர்தான் காரணம் என்றால் இங்கேயும் அதே 6 சதவீதம்தான் கூட வேண்டும், 0.106 வர வேண்டும். ஒரு டிவிஷனுக்கு 50 மைக்ரோ செகண்ட் வைத்து எண்ணினால் 3.2 டிவிஷன். அதாவது 0.16! கூடியது 60 சதவீதம்!

சார் ஜெனரேட்டரின் அவுட்புட் முனையைக் காட்டினார். பக்கத்தில் பொடி எழுத்தில் 600 ஓம் என்று இருந்தது. கெபாசிட்டருக்குப் போகிற கரண்ட் அந்த 600 ஓமையும் தாண்டித்தான் போகிறது. 1 கிலோவுடன் சேர்ந்தால் 1.6 கிலோ, 10 கிலோவுடன் சேர்ந்தால் 10.6 கிலோ. இரண்டு ரீடிங்கும் ஒரே காரணத்தில் வந்து உட்கார்ந்தன. ஜெனரேட்டர் முனையில் மாட்டிய சானலைப் பார்த்தேன். ஸ்கொயர் வேவின் ஏறுகிற மூலை ஒடிந்து, வளைந்து ஏறிக்கொண்டிருந்தது. சுமை ஏறும்போது ஜெனரேட்டர் உள்ளேயே வோல்ட்டை இழப்பதற்கு அதுதான் கண் எதிரே சாட்சி. 10 கிலோவில் அந்த ஒடிவு மிகச் சின்னது, நாங்கள் கவனிக்கவில்லை.

நான் எழுதிய 1.00 ஏன் பிடிபட்டது என்று அப்போதுதான் புரிந்தது. எங்கள் லேபின் ஜெனரேட்டரோடு அந்த எண் வர வழியே இல்லை. புத்தகத்து விடையை அப்படியே எழுதியதுதான் என்னைக் காட்டிக்கொடுத்தது.

கிளம்பும் முன் சார் ஒரு கேள்வி கேட்டார். "பிராக்டிக்கல்ல உனக்கு 500 ஹெர்ட்ஸ்லேயே எடுன்னா என்ன செய்வ?" நான் விழித்தேன். அவரே என் நோட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதினார்.

τ = t / ln(பாக்கி 1 / பாக்கி 2)

மேல் கோட்டிலிருந்து பார்த்தால் வளைவு ஆரம்பிக்கும்போது பாக்கி 5-இல் 1.4 போக 3.6 டிவிஷன். 1 மில்லி செகண்ட் கழித்துத் திரும்பும்போது 5-இல் 3.6 போக 1.4. கால்குலேட்டரில் 3.6-ஐ 1.4-ஆல் வகுத்து ln அழுத்தினால் 0.944. 1-ஐ அதனால் வகுத்தால் 1.06 மில்லி செகண்ட். எந்த அரைகுறை வளைவில் நான் 0.5 என்று படித்தேனோ, அதே வளைவுக்குள் சரியான விடை ஒளிந்திருந்தது. போய்ச் சேர வேண்டிய மேல் கோட்டை மட்டும் நான் திரையில் வைத்திருக்கவில்லை.

இப்போது எங்கள் லேபில் ஒரு டிஜிட்டல் ஸ்கோப்பும் இருக்கிறது. பட்டனை அழுத்தினால் ரைஸ் டைமை அதுவே சொல்லும், 2.2-ஆல் வகுத்தால் டைம் கான்ஸ்டன்ட் கிடைத்துவிடும் என்று தம்பிகள் சந்தோஷப்படுகிறார்கள். அந்தப் பெட்டியும் திரையில் பார்த்த அடியையும் உச்சியையும்தான் 0, 100 என்று எடுத்துக்கொள்ளும். வளைவு படுக்காவிட்டால், அன்று நான் செய்த அதே தப்பை அதுவும் செய்யும். எண்களை மட்டும் தசமப் புள்ளியோடு அழகாகக் காட்டும்.

ரெக்கார்டில் 1.00-ஐ அழிக்க ரப்பரை எடுத்தேன். "அழிக்காதே, ஒரு கோடு போட்டு அடிச்சிட்டுப் பக்கத்துல எழுது" என்றார் சார். அப்படியே எழுதினேன். கீழே 600 ஓம் என்று காரணமும் எழுதினேன். கையெழுத்து கிடைத்தது. பிராக்டிக்கலில் எனக்கு வேறு சோதனைதான் வந்தது. ஆனாலும் இணைப்புக் கொடுத்ததும் முதல் வேலையாக இரண்டாவது சானலை இன்புட்டில் மாட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.